இடது முனை மட்டும் ஏன் இரட்டிப்பு? ஆர்க்சைன் விதியைச் செய்து பார்த்தது

மூன்று ராத்திரி மல்லுக்கட்டிய பிறகு, நேற்றுதான் என் சமவாய்ப்பு நடை ஹிஸ்டோகிராமின் இரண்டு முனைகளும் ஒரே உயரத்துக்கு வந்தன. அந்த சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

சமவாய்ப்பு நடை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பூஜ்யத்தில் தொடங்கி நாணயத்தைச் சுண்டிக்கொண்டே போக வேண்டும், தலை விழுந்தால் +1, பூ விழுந்தால் -1. நான் எடுத்துக்கொண்டது 20 சுண்டல்கள் கொண்ட நடை. அதில் எத்தனை படிகள் பூஜ்யக் கோட்டுக்கு மேலே போகின்றன என்று எண்ண வேண்டும். பாதிக்குப் பாதி, அதாவது 10 பக்கம்தான் கூட்டம் சேரும் என்று மனசு சொல்லும். ஆனால் கணக்கு நேர்மாறு. 20 படியும் மேலேயே இருக்க வாய்ப்பு 0.1762. ஒன்றுகூட மேலே இல்லாமல் போகவும் அதே 0.1762. சரியாகப் பத்து மேலே, பத்து கீழே என்பதற்கு வெறும் 0.0606, வரக்கூடிய விடைகளில் இதுதான் மிகச் சிறியது.

கணினியில் ஒரு லட்சம் நடைகளை ஓட்டினேன். இடது முனையில் 17,600 சொச்சம் வந்தது. வலது முனையில் 8,800தான். நாணயத்துக்கு ஓரவஞ்சனை கிடையாது, அப்படியிருக்க ஒரு பக்கம் மட்டும் எப்படிப் பாதியாகும்? முதலில் ரேண்டம் எண்களைச் சந்தேகப்பட்டு விதையை மாற்றி மாற்றி ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் அதே பாதி. தற்செயல் என்றால் இவ்வளவு ஒழுங்காக வராது, எண்ணும் முறையில்தான் கோளாறு என்று அப்போதுதான் உறைத்தது.

சரி என்று கணினியை மூடிவிட்டு, கிராஃப் தாளில் 4 படி நடைகள் பதினாறையும் கையால் வரைந்தேன். நான் எண்ணியது புள்ளிகளை, அதாவது ஒவ்வொரு படி முடிவிலும் நடை நிற்கும் உயரம் S-ஐ: S > 0 என்றால் ஒன்று கூட்டு. அப்படி எண்ணினால் 0, 1, 2, 3, 4 என்ற விடைகளுக்கு முறையே 6, 3, 2, 2, 3 நடைகள் வருகின்றன. இடது முனை 6, வலது முனை 3. கோளாறு அப்படியே தாளில் தெரிந்தது.

குற்றவாளி, கோட்டைத் தொடும் புள்ளி. 1, 2, 1, 0 என்று போகும் நடையை வரைந்து பாருங்கள். நான்கு கோட்டுத்துண்டுகளும் மேலேதான் இருக்கின்றன. ஆனால் கடைசிப் புள்ளி பூஜ்யத்தில் நிற்பதால் என் எண்ணிக்கை 3 என்கிறது. பூஜ்யத்தில் நிற்கும் எல்லாப் புள்ளிகளும் 'மேலே இல்லை' என்ற கணக்கில் விழுந்துகொண்டிருந்தன. எண்ண வேண்டியது துண்டுகளை: துண்டின் இரண்டு முனைகளில் ஒன்றாவது பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் அந்தத் துண்டு மேலே. இப்படி எண்ணியதும் 0, 2, 4 என்ற விடைகளுக்கு 6, 4, 6 கிடைத்தது. ஒற்றைப்படை விடையே கிடையாது, ஏனென்றால் கோட்டிலிருந்து கிளம்பித் திரும்பும் எந்தப் பயணமும் இரட்டைப்படை நீளம்தான். இதை நல்ல சோதனையாக வைத்துக்கொள்ளலாம்: ஒற்றைப்படைப் பெட்டியில் ஒரே ஒரு நடை விழுந்தாலும் எண்ணிக்கை தப்பு.

```python
import random
N, R = 20, 100000
h = [0] * (N + 1)
for _ in range(R):
    s = t = 0
    for _ in range(N):
        p = s
        s += random.choice((1, -1))
        if p > 0 or s > 0:
            t += 1
    h[t] += 1
print(h)
```

`p = s` வரியைத் தவிர, மாறியது `p > 0 or` மட்டும்தான். இரண்டு முனைகளும் 17,600ஐ ஒட்டி வந்து நின்றன.

அப்புறம் படிகளை 1,000 ஆக்கினேன். அங்கே முழுச் சூத்திரம் தேவையில்லை. மேலே கழித்த பங்கு x-க்குள் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய (2/π) arcsin √x. இதுதான் ஆர்க்சைன் விதி. பிரெஞ்சுக் கணிதவியலாளர் பௌல் லெவி 1939-இல், படிகளை மிக மிகச் சிறிதாக்கினால் கிடைக்கும் பிரௌனியன் இயக்கத்துக்குக் காட்டியதும் இதே வளைவைத்தான். x = 0.1 என்று போட்டால் 0.205 வருகிறது. இரண்டு பக்கமும் சேர்த்தால், நூற்றில் 41 நடைகள் தங்கள் நேரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் ஒரே பக்கத்தில் கழிக்கின்றன. 40-க்கும் 60-க்கும் இடைப்பட்ட சமநிலைக்குக் கிடைப்பது 13 மட்டுமே. ஒரு தடவை விலகிய நடைக்குக் கோட்டுக்குத் திரும்பும் அவசரம் இல்லை. எப்போதாவது திரும்புவது நிச்சயம், ஆனால் அதற்கு ஆகும் சராசரி நேரம் முடிவிலி. 100 சுண்டல்களில் ஒரு முறைகூடச் சமநிலைக்கு வராமல் போகவே 8 சதவீத வாய்ப்பு இருக்கிறது.

1,000 படிக்கான படத்தை இன்னும் முடிக்கவில்லை. அதற்குள் கிராஃப் தாள் வேறு பக்கம் இழுக்கிறது. அந்தப் பதினாறில், கடைசியில் பூஜ்யத்துக்குத் திரும்பும் ஆறு நடைகளை மட்டும் வட்டமிட்டுப் பார்த்தேன்: 0, 2, 4 மூன்றுக்கும் இரண்டிரண்டு. முனைகளில் ஏறியிருந்த கூட்டம் கரைந்து எல்லாம் ஒரே மட்டம்! சுங்-ஃபெல்லர் தேற்றம் சொல்வது இதைத்தான். அடுத்து 20 படிக்கு, பூஜ்யத்தில் முடியும் 1,84,756 நடைகளையும் ஒன்று விடாமல் எண்ணப் போகிறேன். பெட்டிகள் 11, ஒவ்வொன்றிலும் 16,796 விழ வேண்டும்.