பரப்பு ஒன்றுதான், பக்கம் மாறிவிட்டது

ஆரல்வாய்மொழிக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு செங்கல் சூளையை ஒட்டிக் கட்டிய செட்டு அது. 18 மீட்டர் அகலம், 6 மீட்டருக்கு ஒரு பிரேம், மேலே தகர ஷீட், சுற்றிலும் இடுப்பளவு சுவர். வடிவமைப்பு என்னுடையது. ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியாக வரும் காற்றைப் பற்றி இந்தப் பக்கத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தல் காற்றாலைகள் அங்கே நிற்பதே அதனால்தான். அதனால் இந்த செட்டில் எனக்குக் கவலை பாரத்தைப் பற்றி இல்லை, காற்றைப் பற்றித்தான்.

பில்லர்களுக்கு அடியில் வரும் அஸ்திவாரமான புட்டிங்குக்குக் குழி எடுத்து, பெட் கான்கிரீட் போட்டு, கம்பி கட்டிய பிறகு பார்க்கக் கூப்பிட்டார்கள். கிழக்கு வரிசையில் எல்லாம் சரி. மேற்கு வரிசைக்கு வந்ததும் ஏதோ உறுத்தியது, என்னவென்று உடனே பிடிபடவில்லை. இரண்டாவது குழியருகே நின்றபோதுதான் தெரிந்தது. பில்லர் கம்பிக்கூட்டின் நீளப்பக்கம், அதாவது 450 மில்லிமீட்டர் பக்கம், செட்டின் அகலவாக்கில் இருந்தது. அது சரி. ஆனால் அதன் அடியில் இருந்த புட்டிங்கின் நீளப்பக்கம் செட்டின் நீளவாக்கில் ஓடியது. இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்கே நின்றன. வரைபடத்தில் இரண்டின் நீளப்பக்கமும் ஒரே திசையில்தான் இருந்தது.

கொத்தனாரைக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "அந்தப் பக்கம் 2.4 மீட்டர் தோண்டினா அடுத்தவரு தோப்புல போவும் சாரே. அதான் ஆறு குழியையும் திருப்பிப் போட்டேன். 2.4க்கு 1.5, ஏரியா ஒண்ணுதானே?"

பரப்பு 3.6 சதுர மீட்டர்தான், அதில் மாற்றமில்லை. பாரம் மட்டும் இருந்தால் அவர் சொன்னது முழுச் சரி. பில்லர் வழியாக வரும் நிலையான பாரம் 6 டன். ஷீட், பிரேம், தரைமட்ட பீம், அரைச்சுவர் எல்லாம் இதில் அடக்கம். கூரை மேல் ஆள் ஏறுவது போன்ற தற்காலிக பாரம் 4 டன். புட்டிங் 40 சென்டிமீட்டர் கனம், அதன் எடை 3.6 டன். அதற்கு மேல் 80 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பும் மண் 5.2 டன். கூட்டினால் 18.8 டன். 3.6ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு 5.2 டன். மண் பரிசோதனையில் அனுமதித்தது 15 டன். எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் விடை இதுதான்.

கூடவே காற்று அந்த பில்லரை செட்டின் அகலவாக்கில் வளைக்கிறது. புட்டிங்கின் அடிமட்டத்தில் அந்த வளைக்கும் விளைவு, அதாவது மொமெண்ட், 7.5 டன்-மீட்டர். பாரமும் மொமெண்ட்டும் சேர்ந்து வருவதை, அதே பாரம் நடுவை விட்டு விலகி இறங்குவதாக எண்ணிக்கொள்ளலாம். விலகும் தூரம் e = M/P, அதாவது மொமெண்ட்டைப் பாரத்தால் வகுத்தது. இந்தத் தூரம் காற்றடிக்கும் திசையில் உள்ள நீளத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாத வரை, அடிப்பரப்பு முழுவதும் மண்ணை அழுத்திக்கொண்டிருக்கும். ஓர் ஓரத்தில் அழுத்தம் கூடும், எதிர் ஓரத்தில் குறையும், அவ்வளவுதான். தாண்டிவிட்டால் எதிர் ஓரத்தில் விடை கழித்தல் குறியோடு வரும். கழித்தல் என்றால் மண் கான்கிரீட்டைப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும். மண் அப்படிச் செய்யாது. அந்த இடத்தில் புட்டிங் மண்ணை விட்டுத் தூக்கிவிடும்.

கூட வந்திருந்த இளம் இன்ஜினியர் கால்குலேட்டரை எடுத்தார். சரியான திசையில் போட்டிருந்தால் e = 7.5/18.8, அதாவது 0.4 மீட்டர். 2.4இல் ஆறில் ஒரு பங்கும் 0.4தான். ஓர் ஓரத்தில் 10.4 டன், மறு ஓரத்தில் ஏறக்குறைய பூஜ்யம். திருப்பிப் போட்டதில் நீளம் 1.5, ஆறில் ஒரு பங்கு 0.25 மட்டும். தூக்குகிறது. தூக்கினாலும் ஓரத்து அழுத்தம் எவ்வளவு என்று போட்டார்: 14.9 டன். "15க்குள்ள நிக்குது சார்," என்றார். கொத்தனார் முகத்தில் ஒரு வெளிச்சம்.

இந்த 14.9தான் அன்றைக்கு ஆபத்தான எண். கணக்கில் பிழை இல்லை. எடுத்துக்கொண்ட பாரம்தான் தவறு. காற்று முழு வேகத்தில் அடிக்கும்போது கூரை மேல் யாரும் நிற்கப்போவதில்லை, அந்த 4 டன் அங்கே இராது. அதோடு காற்று கூரையை மேலே இழுக்கும். ஒரு பில்லருக்கு 2.5 டன் என்று கணக்கிட்டிருந்தேன். 6இலிருந்து அதைக் கழித்து, புட்டிங்கும் மண்ணுமாக 8.8ஐச் சேர்த்தால் மிஞ்சுவது 12.3 டன். மொமெண்ட் அதே 7.5. பாரம் குறையக் குறைய e கூடும், இப்போது 0.61 மீட்டர். புட்டிங் தாங்குமா என்று பார்க்கும்போது கூடிய பாரத்தைத் தேடியே நமக்குக் கை பழகிவிட்டது. தூக்குமா என்று பார்க்கையில் தேட வேண்டியது மிகக் குறைந்த பாரத்தை.

தூக்கிய பிறகு பழைய சூத்திரம் உதவாது. மண் இழுப்பதாகச் சொல்லும் பகுதியை விட்டுவிட்டு, மீதியில் அழுத்தம் ஒரு முக்கோணமாக உட்கார வேண்டும். பாரம் முக்கோணத்தின் கனமான ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இறங்கும். காற்றடிக்கும் திசையில் உள்ள நீளம் L, குறுக்குப் பக்கம் B என்றால், ஓரத்திலிருந்து பாரம் இறங்கும் தூரம் L/2 − e. ஆகவே மண்ணைத் தொடும் நீளம் அதைப் போல மூன்று மடங்கு:

தொடும் நீளம் = 3(L/2 − e)
ஓரத்து அழுத்தம் = 2P / (B × தொடும் நீளம்)

சரியான திசையில் L/2 என்பது 1.2. தொடும் நீளம் 1.77 மீட்டர், ஏறக்குறைய முக்கால் பாகம். அழுத்தம் 9.3 டன். காற்றில் மட்டும் கால் பாகம் தூக்குவதை நான் தெரிந்தே ஒத்துக்கொண்டிருந்தேன். ஒத்துக்கொள்ளாத பொறியாளர்களும் உண்டு, அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

திருப்பிப் போட்டதில் L/2 என்பது 0.75. தொடும் நீளம் 42 சென்டிமீட்டர். ஒன்றரை மீட்டர் புட்டிங் ஒரு முழத்துக்கும் கொஞ்சம் குறைந்த விளிம்பில் நிற்கிறது. அழுத்தம் 24.4 டன். காற்று சேரும்போது அனுமதியை 25 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம் என்றாலும் 18.75தான். கவிழ்வதற்கு எதிராக, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்லும் கணக்கும் நிற்கவில்லை. அதில் பிடித்து வைக்கும் நிலையான பாரத்தை 0.9ஆல் பெருக்க வேண்டும், கவிழ்க்கும் காற்றை, கூரையை மேலே இழுப்பதையும் சேர்த்து, 1.4ஆல் பெருக்க வேண்டும். புட்டிங்கின் ஓரத்தை வைத்துக் கணக்கிட்டால் பிடிக்கும் பக்கம் 10 டன்-மீட்டர், கவிழ்க்கும் பக்கம் 13.1. சரியான திசையிலோ 16க்கு 14.7.

கொத்தனாரிடம் இந்த எண்களைச் சொல்லவில்லை. பக்கத்தில் கிடந்த செங்கல் ஒன்றைப் பக்கவாட்டில், நீள விளிம்பு தரையில் படும்படி நிறுத்தினேன். நீளவாக்கில் விரலால் தள்ளச் சொன்னேன்; அசையவில்லை. குறுக்கே தள்ளச் சொன்னேன், தொட்டதும் சாய்ந்தது. "ஏரியா ஒண்ணுதானே?" என்றேன். சிரித்துவிட்டார், ஆனால் விடவில்லை. "சரி சாரே, தோப்புக்காரன் இடத்துல எப்பிடி தோண்டுவிய?"

அது நியாயமான கேள்வி. டேப் வைத்துப் பார்த்தால் எல்லைக்குள் அகலவாக்கில் 1.8 மீட்டர்தான் கிடைத்தது. நீளம் கிடைக்காவிட்டால் எடையைக் கூட்ட வேண்டும். மற்ற பக்கத்தை 3 மீட்டர் ஆக்கினோம். 3க்கு 1.8, அதே 40 சென்டிமீட்டர் கனம். புட்டிங் 5.4 டன், மேல் மண் 7.8 டன். காற்று வேளையில் மொத்தம் 16.7 டன், e 0.45. தொடும் நீளம் 1.35 மீட்டர், மறுபடியும் முக்கால் பாகம். அழுத்தம் 8.2 டன். கவிழ்தலுக்கு 15.5க்கு 13.7. குழி ஒன்றுக்கு 0.72 கன மீட்டர் கான்கிரீட் கூடியது, ஆறு குழிக்கும் சேர்த்து 4.3. கம்பியையும் புது அளவுக்குப் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது.

இந்தக் கணக்கில் பாதிக்குப் பாதி மண்தான் பிடித்து வைக்கிறது. 16.7இல் 7.8 மண். அதனால் குழியை மூடும்போது அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இடித்து நிரப்பச் சொன்னேன். நாளைக்கு யாராவது எல்லையோரம் வடிகால் வெட்டுகிறேன் என்று அந்த மண்ணை எடுத்துவிடக் கூடாது என்று உரிமையாளருக்குக் கடிதமாகவே எழுதிக் கொடுத்தேன். அது மேட்டு நிலம், தண்ணீர் ஏறாது. இதே செட்டை ஏலா வயலை நிரப்பிய மனையில் போட்டிருந்தால் இந்த அளவு போதாது. தண்ணீருக்குள் கான்கிரீட்டின் எடை கன மீட்டருக்கு 2.5 டன்னிலிருந்து 1.5க்கு இறங்கிவிடும், மண் ஏறக்குறைய பாதியாகிவிடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது காற்றும் மழையும் சேர்ந்தே வந்ததை இந்த மாவட்டத்தில் பார்த்திருக்கிறோம்.

அன்று கான்கிரீட் போட்டிருந்தால் எப்போது தெரிந்திருக்கும் என்று யோசித்ததுண்டு. தை, மாசியில் ஒன்றும் தெரிந்திராது. பாரம் மட்டும் இருக்கும்போது அந்த புட்டிங்குக்கும் சரியான புட்டிங்குக்கும் வித்தியாசமே இல்லை. வேறோர் இடத்தில் ஒரு விளம்பரப் பலகையின் காலடியில் பார்த்திருக்கிறேன். காற்று வரும் பக்கத்தில் மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே பிறை போல ஒரு வெடிப்பு. அடுத்த மழையில் தண்ணீர் அதில் இறங்கி மண்ணைக் கரைக்கும், அடுத்த காற்றில் பிறை பெரிதாகும். நம் செட்டில் அரைச்சுவரும் பில்லரும் சேரும் மூலையில் முதல் விரிசல் விழுந்திருக்கும். பூச்சு சரியில்லை என்று கொத்தனாரைத்தான் திட்டியிருப்பார்கள்.

வேலை முடிந்து வண்டியில் ஏறும்போது அவர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "திருப்பப்புடாதுன்னு இதுல ஒரு வரி எழுதியிருந்தா நான் ஒரு போன் போட்டிருப்பேன் சாரே." விரித்துப் பார்த்தேன். அட்டவணையில் 2.4 × 1.5 என்று இருந்தது, எது எந்தப் பக்கம் என்று இல்லை. பிளானில் வரைந்திருந்தேன்தான், சின்னஞ்சிறு கட்டமாக. இப்போது என் வரைபடங்களில் ஒவ்வொரு செவ்வக புட்டிங்கிலும் ஓர் அம்புக்குறி இருக்கிறது, பக்கத்தில் "காற்று இந்தப் பக்கம், திருப்பக் கூடாது" என்று தமிழிலேயே எழுதுகிறேன்.