கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த ஹாலந்து

மீனா அக்கா, நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் ஆறிப்போன வத்தக்குழம்புக்குக் காரணம் நான் இல்லை, உங்கள் சித்தப்பா, அதாவது என் அப்பா.

அப்பாவை இங்கே ஜெர்மனியில் கறுப்புக் காட்டு மலைக்குக் கூட்டிப் போனோம், "நம்ம கொடைக்கானல்தான்" என்றார். ஃப்ரைபுர்க் தேவாலயத்தைக் காட்டினோம், கொட்டாவி விட்டார். ஆஃபன்பர்க் ஸ்டேஷனில் ஒரு கூட்ஸ் வண்டியைப் பார்த்ததும் மனிதர் பூத்துவிட்டார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேகனோடு வேகனாக வாழ்ந்தவருக்கு விசா எடுத்து டிக்கெட் போட்டது வேறு எதற்கு!

சின்னவனுக்கும் அவருக்கும் இப்போது ஒரே விளையாட்டு, வேகன் நம்பரில் நாடு பிடிப்பது. இங்கே வேகனுக்குப் பன்னிரண்டு இலக்கம். அதில் மூன்றாவதும் நான்காவதும் நாட்டுக்கு. 80 ஜெர்மனி, 81 ஆஸ்திரியா, 83 இத்தாலி, 84 ஹாலந்து, 85 சுவிஸ், 87 பிரான்ஸ். ராட்டர்டாம் துறைமுகத்திலிருந்து இத்தாலிக்குப் போகிற சரக்கில் நிறைய எங்கள் ஊர் வழியாக உருள்கிறது என்பதால் இந்த எண்கள் சல்லிசாகக் கிடைக்கும். ஃபிரிட்ஜ் கதவில் பட்டியல் ஒட்டியிருக்கிறது. லக்சம்பர்க் 82-உம் டென்மார்க் 86-உம் இன்னும் டிக் ஆகவில்லை. வீட்டில் யாருக்கும் அதைவிடப் பெரிய கவலை கிடையாது.

ஆரம்பத்தில் பையன் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்தே நாடு சொல்லிக்கொண்டிருந்தான். 81 என்று தொடங்கினால் "ஆஸ்திரியா!" என்று கத்துவான். "முதல் ரெண்டு வண்டியோட ஜாதகம்டா, நாடு இல்ல" என்று தாத்தா திருத்தினார். 2 என்று தொடங்கினால் அச்சு நேராகச் சட்டத்தில் மாட்டிய வண்டி, 3 என்றால் போகி வண்டி, அதாவது அச்சுகளைத் தனிச் சட்டத்தில் சேர்த்து, வளைவில் திரும்புகிற மாதிரி அடியில் மாட்டியது. நம்பரைக் கையால் மறைத்துக்கொண்டு, சக்கரத்தைப் பார்த்து முதல் இலக்கத்தைச் சொல்லிக் காட்டினார். பேரன் வாயைப் பிளந்தான். என் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து இப்படி ஒருநாளும் பொறுமையாகப் பேசியதில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். எங்கள் ரயில் வரக் கொஞ்ச நேரம் இருந்தது. பக்கத்துத் தண்டவாளத்தில் டேங்கர் வேகன்கள் வரிசையாக சிக்னலுக்கு நின்றன. பிளாட்ஃபாரத்துக்கு நேரே நின்ற வேகனில் எவனோ ஸ்ப்ரே பெயின்டில் ஊதா நிறத்தில் தன் பெயரை எழுதியிருந்தான். டேங்கில் தொடங்கிய பெயர் கீழே சட்டத்தில் வழிந்து நம்பரின் மேலேயே முடிந்திருந்தது. மேல் வரியில் 33. நடு வரியில் 8, அதற்கடுத்த இலக்கம் பெயின்டுக்கு அடியில். அதன் பக்கத்தில் அடிக்கோடிட்டு இருக்க வேண்டிய நாட்டெழுத்தும் போச்சு. கீழ் வரி மட்டும் சுத்தம்: 7932 145-1.

"86-ஆ இருக்கலாம் தாத்தா!" என்று பையன் குதித்தான்.

"இருக்கலாம்னு வேகன் நம்பர்ல கிடையாதுடா. கடைசில ஒரு கோடு போட்டு 1 இருக்கு பாரு, அது எதுக்கு?"

அந்தக் கடைசி இலக்கம் சரிபார்க்கிற இலக்கம். அப்பா என் கைப்பையிலிருந்து மளிகைச் சீட்டை எடுத்துப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். இடமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக, ஒற்றைப்படை இடத்து எண்களை இரட்டிக்க வேண்டும். இரண்டு இலக்கம் வந்தால் அந்த இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 3 ஆறாகும். 8 பதினாறாகி, 1-உம் 6-உம் சேர்ந்து 7. அடுத்த 7 பதினாலாகி 5. பிறகு 3 ஆறு, 1 இரண்டு, 5 பத்தாகி 1. ஆக 27. மற்ற இடத்து எண்கள் அப்படியே: 3, 9, 2, 4. அது 18. மொத்தம் 45. கடைசி 1 சேர்ந்தால் 46. எல்லாம் சேர்ந்து பூஜ்யத்தில் முடிய வேண்டும் என்பது விதி.

"அம்பதுக்கு என்ன பாக்கி?"

"நாலு!"

"அப்ப மறைஞ்சிருக்கறது நாலு. எம்பத்திநாலு. ஹாலந்து."

டென்மார்க் இல்லை என்றதும் பையன் முகம் தொங்கிப்போனது. என் வீட்டுக்காரர் அதற்குள் நாலு எட்டு நடந்து, அடுத்த வேகனில் 84 என்றும் NL என்றும் பளிச்சென்று எழுதியிருப்பதைக் கண்டுபிடித்து வந்து, "மாமா, இதுக்கா இவ்வளவு?" என்றார்.

"அது அந்த வேகனுக்கு மாப்ளே. இதுக்கு நீங்க கணக்குப் போட்டீங்களா?"

இவர் விடுவாரா? "ஹாலந்துலேர்ந்து வருதுன்னும் சொல்ல முடியாது மாமா. அந்த நாட்டுப் பதிவேட்டுல இருக்குன்னுதான் அர்த்தம்." அதுவும் சரிதான். சென்னையில் ஓடுகிற PY நம்பர் கார்கள் எல்லாம் பாண்டிச்சேரியிலிருந்தா வருகின்றன? வேகனின் சொந்தக்காரர் ஒரு நாட்டில் இருக்கலாம், சரக்கு இன்னொரு நாட்டுடையதாக இருக்கலாம், இழுக்கிற என்ஜின் மூன்றாவது நாட்டுடையதாக இருக்கலாம். அப்பா இதை ஒப்புக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை சொன்னார் என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

இந்த நேரத்தில் பெஞ்சில் இருந்த ஜெர்மன் தாத்தா ஒருவர் எழுந்து வந்தார். போட்டோ எடுக்கக் கூடாது என்று சொல்லப் போகிறார் என நினைத்தேன். இந்த ஊரில் முன்பின் தெரியாதவர் எழுந்து வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு விதியோடுதான் வருவார். அவர் மளிகைச் சீட்டை எட்டிப் பார்த்தார். அப்பா கூட்டலுக்குக் கீழே 50 என்று எழுதி இரண்டு வட்டம் போட்டிருந்தார். அதன் மேல் விரலை வைத்து, அப்புறம் தன் நெஞ்சில் வைத்தார் அந்த மனிதர்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்டால், கிழக்கு ஜெர்மனியின் ரயில்வேக்கு 50 தான் எண்ணாம். மேற்குக்கு 80. லைப்ஸிக்கில் சரக்கு யார்டில் வேலை பார்த்தவராம். 1990இல் நாடு போயிற்று. 1994இல் இரண்டு ரயில்வேயும் ஒன்றாயின. இப்போது எல்லாம் 80. "நான் ஐம்பது" என்றார் இன்னொரு முறை.

நான் மொழிபெயர்த்துச் சொல்லி முடிக்கும் முன்பே அப்பா பேனாவை வாங்கி, 50-க்குப் பக்கத்தில் 06 என்று எழுதித் தன் நெஞ்சில் கை வைத்தார். நம் ஊர் வேகனுக்குப் பதினொரு இலக்கம். அதிலும் இதே மூன்றாவது நான்காவது இடம்தான், நாட்டுக்கு அல்ல, எந்த ரயில்வேயின் வண்டி என்பதற்கு. தெற்கு ரயில்வே 06.

அதற்கப்புறம் நான் தேவைப்படவே இல்லை. அப்பா ஒரு எண் எழுத, அவர் ஒரு எண் எழுத, இரண்டு பேரும் தலையாட்ட, நடுவில் பையன். நம் ஊரில் இரட்டைப்படை இடத்துக் கூட்டலை மூன்றால் பெருக்கிச் சரிபார்ப்பதை அப்பா எழுதியே புரியவைத்துவிட்டார். மளிகைச் சீட்டில் இடம் தீர்ந்து, என்னுடைய டிக்கெட்டின் பின்பக்கத்துக்குப் போனார்கள். எங்கள் ரயில் வந்தது. கூப்பிட்டேன். "இதோம்மா, இந்த ஒரு நம்பர்" என்றார். ரயில் போனது.

ராத்திரி போனில் அம்மாவிடம் முழுக் கதையும் சொன்னேன். ஐம்பது, சைபர் ஆறு, ஹாலந்து, லைப்ஸிக் தாத்தா, எல்லாம் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரே கேள்வி: "அவ்வளவு நேரம் வெளில நின்னாரே, தலைக்குக் குல்லா போட்டிருந்தாரா?"

போடவில்லை. திட்டு எனக்குத்தான் விழுந்தது.