கணக்கில் மட்டும் இருந்த 6,740 ரிலேக்கள்

பெங்களூரு பீன்யாவில் நான் காஸ்ட் அக்கவுன்டன்டாக இருக்கும் தொழிற்சாலையில் தண்ணீர் மோட்டாருக்கான கன்ட்ரோலர் போர்டு செய்கிறோம். மாதக்கணக்காக ஒரே போர்டு. அதனால் ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனியாகப் பொருள் வழங்கி எழுதிக்கொண்டிருப்பதில்லை. போர்டு முழுமையாகி, பெட்டிக்குள் போன பிறகு சூப்பர்வைசர் எஸ்ஏபி மென்பொருளில் `MFBF` திரையைத் திறந்து "இத்தனை போர்டு" என்று பதிவார். உடனே கணினி பிஓஎம் பட்டியலைப் பார்த்து, ஒரு போர்டுக்கு ஒரு ரிலே, இரண்டு மின்தேக்கி என்று இருப்பிலிருந்து கழித்துக்கொள்ளும். இதைத்தான் பேக்ஃப்ளஷ் என்கிறார்கள். சமைத்து முடித்த சோற்றை அளந்து, எவ்வளவு அரிசி போட்டிருப்போம் என்று கணக்கெழுதுவது போன்றது.

மாதத்தின் கடைசி நாளில், ஆக வேண்டிய செலவுக்கும் ஆன செலவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் வேரியன்ஸ் அறிக்கையை எடுத்தேன். அந்தப் போர்டில் 2,70,000 ரூபாய் சாதகம் என்று காட்டியது. மேலாளருக்கு மகிழ்ச்சி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. தொழிலாளர் எண்ணிக்கை மாறவில்லை, விலை மாறவில்லை, சாதகம் மட்டும் எங்கிருந்து வரும்?

ஒரு போர்டின் ஸ்டாண்டர்டு அடக்கவிலை 420 ரூபாய். அதில் பொருள் 340, உழைப்பும் மற்ற செலவும் 80. அந்த மாதம் 9,000 போர்டு பதிவாகியிருந்தது. ஆகவே 9,000 போர்டுக்கான பொருள்செலவு 30,60,000 ரூபாய் வந்திருக்க வேண்டும். வந்திருந்ததோ 27,90,000. போர்டு முழு விலையில் இருப்புக்குள் போய்விட்டது, அதற்குள் இருக்கும் ஏதோ ஒரு பொருள் கழியவே இல்லை. குறையும் தொகையை 45 ரூபாயால் வகுத்தால் சரியாக 6,000. எங்களிடம் 45 ரூபாய்ப் பொருள் ரிலே ஒன்றுதான்.

`COGI` திரையைத் திறந்தேன். பேக்ஃப்ளஷ் செய்யும்போது கழிக்க முடியாமல் போன பொருட்களெல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். நாள்தோறும் பார்க்க வேண்டிய திரை, நான் மூன்று வாரமாகப் பார்க்கவில்லை. தவறு என்னுடையதும்தான். எல்லா வரியும் ரிலே, எல்லாவற்றிலும் காரணம் ஒன்றே: லைன் இருப்பிடத்தில் போதிய இருப்பு இல்லை.

ஸ்டோர் பொறுப்பாளர் கிருஷ்ணகிரிக்காரர். நான் அண்ணா என்று கூப்பிடுவேன். அவரிடம் போய்க் கேட்டேன்.

"தம்பி, புது சப்ளையர் ரிலேயை டிரேயில் அடுக்கி அனுப்புகிறார். இறக்கிய இடத்திலிருந்து நேராக லைனுக்கே தள்ளிவிடுகிறோம். இதில் என்ன தப்பு?" என்றார்.

பொருள் லைனுக்குப் போனதில் தவறில்லை, காகிதம் போகவில்லை. வரவு முழுவதும் ஸ்டோர் இருப்பிடத்தில் எழுதப்பட்டது. அங்கிருந்து லைனுக்கு மாற்றும் 311 பதிவை யாரும் போடவில்லை. லைனில் பழைய இருப்பு 3,000 இருந்தவரை பேக்ஃப்ளஷ் சிக்கலின்றி ஓடியது, அதன்பின் ஒவ்வொரு பதிவிலும் ரிலே மட்டும் தேங்கியது. எங்கள் அமைப்பில் ஒரு பொருள் கழியாவிட்டாலும் போர்டு வரவு நிற்காது. அதனால் லைனில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அன்று மாலையே எண்ணிப் பார்த்தோம். கணினியில் ஸ்டோரில் 8,400, லைனில் பூஜ்யம். கையில் ஸ்டோரில் 1,500, லைனில் 160. குறைவு 6,740. "திருட்டு நடந்திருக்கிறதோ" என்று மேலாளர் மெதுவாகக் கேட்டார். 6,000 எங்கே என்று எனக்குத் தெரியும், மிச்சம் 740தான் தலைவலி.

முதலில் ஸ்டோரிலிருந்து லைனுக்கு 6,900 மாற்றினோம், ஏனெனில் உண்மையில் அத்தனைதான் வெளியே போயிருந்தது. பிறகு `COGI` வரிகளை மறுபடி ஓட்டினோம். இங்கே ஒரு விஷயம்: அந்த வரிகள் பழைய பதிவுத் தேதியைச் சுமந்துகொண்டிருக்கும். கணக்குக் காலம் மூடியபின் தொட்டால் அந்தத் தேதியில் ஏறாது, தேதியை மாற்றினால் செலவு அடுத்த மாதத்துக்குப் போய்விடும். அப்போது இந்த மாதம் பொய் லாபம், அடுத்த மாதம் பொய் நட்டம். நாங்கள் காலம் மூடும் முன்பே பிடித்ததால் 6,000 ரிலேயும் அதே மாதத்தில் கழிந்தன. 2,70,000 ரூபாய் சாதகம் ஒரு மணி நேரத்தில் ஆவியானது. மேலாளர் முகம் வாடியதைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது லைனில் கணினி சொல்வது 900, கையில் 160. உதவியாளர் ஒருவர் உடனே எண்ணிக்கைத் தாளில் 740ஐக் குறைவு என்று எழுதப் போனார். தடுத்து நிறுத்தினேன். பேக்ஃப்ளஷ் உள்ள இடத்தில் இருப்பு எண்ணும்போது மிக எளிதாகச் செய்யக்கூடிய பிழை இதுதான். பெட்டிக்குள் போகாத போர்டில் இருக்கும் ரிலே கணினியைப் பொறுத்தவரை இன்னும் மூலப்பொருள். அதைக் குறைவென்று எழுதித் தள்ளினால், நாளை அந்தப் போர்டு முடியும்போது பேக்ஃப்ளஷ் மறுபடியும் ஒன்றைக் கழிக்கும். ஒரே ரிலே இரண்டு முறை செலவாகும்.

லைனில் நடந்து பார்த்தோம். சால்டரிங்குக்கும் டெஸ்டிங்குக்கும் நடுவே அரைகுறையாக 310 போர்டு. ரிலே முதலிலேயே சால்டர் ஆகிவிடுவதால் எல்லாவற்றிலும் ஒன்று இருந்தது. பேக்கிங் மேசைக்குப் பின்னால், இரவு ஷிப்ட் கட்டிவைத்த 250 பெட்டி. சூப்பர்வைசர் காலையில் மொத்தமாகப் பதியலாம் என்று விட்டிருந்தார். அவர் கன்னடக்காரர், "நேற்று நெட்வொர்க் இல்லை" என்றார். இருந்திருக்கலாம்.

அந்த 250ஐ அப்போதே பதிந்தோம், கழிவும் ஒழுங்காக நடந்தது. அரைகுறை 310ஐ எண்ணிக்கைத் தாளில் லைன் இருப்பு ரிலேயாகவே சேர்த்தோம். அந்த 310க்கும் இன்னும் செலவு எழுதப்படவில்லை, ஆகவே அந்த 310 வரையில் கணினியும் கையும் பொருந்தின. எங்கள் லைனில் அரைகுறைச் சரக்கு சிலநூறு என்பதால் இந்த ஏற்பாடு தாங்குகிறது. ஒரு பொருள் லைனில் வாரக்கணக்கில் நிற்கும் தொழிலில் இதைச் செய்தால் நடைமுறைச் சரக்கின் மதிப்பே கணக்கில் தெரியாது, அங்கே அதுவரை செலவான பொருளை நடுவழியிலேயே பதியும் ரிப்போர்ட்டிங் பாயின்ட் வைத்தே ஆக வேண்டும்.

மீதி 180. அதற்கு அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. டெஸ்டிங் மேசையடியில் சிவப்புக் கூடை நிறைய உடைந்த, கால் வளைந்த ரிலேக்கள். எண்ணினால் சரியாக 180. போர்டிலிருந்து பிடுங்கிப் புதியதைப் போட்டிருக்கிறார்கள், யாரும் பதியவில்லை. பிஓஎம் ஒன்று என்றுதான் சொல்லும், இரண்டாவது ரிலேயை அதற்குத் தெரியாது. `MFBF` திரையிலேயே வீணான பொருளைத் தனியாகப் பதிய இடம் இருக்கிறது, அதில் ஏற்றினோம். 180 பெருக்கல் 45, 8,100 ரூபாய். அந்த மாதத்தின் உண்மையான வேரியன்ஸ் அதுதான், பாதகம்.

இப்போது தினமும் காலை பத்து மணிக்கு `COGI` பார்க்கிறேன், டிரே வண்டியோடு ஒரு மாற்றுச் சீட்டும் போகிறது, சிவப்புக் கூடையை ஷிப்ட் முடிவில் எண்ணுகிறார்கள். அடுத்த மாத எண்ணிக்கையில் 12 ரிலே குறைந்தது. அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்.