உருகின சாக்லேட்டும் மைனஸில் போன 7,217 ரூபாயும்

குன்னூரில் வீட்டிலேயே சாக்லேட் செய்து ஆன்லைனில் விற்கிறேன், கூடவே தைலமும் டீத்தூளும். செவ்வாய்க்கிழமை தோறும் அந்த விற்பனைத் தளத்திலிருந்து பேங்க் கணக்கில் பணம் விழும். ஏப்ரல் கடைசியில் ஒரு செவ்வாய் விழவில்லை. சரி, பேங்க் லீவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த செவ்வாயும் விழவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் கொட்டை எழுத்தில் மைனஸ் 7,217, அதற்குக் கீழே சின்னதாக, வரும் விற்பனையிலிருந்து சரிக்கட்டப்படும் என்று ஒரு வரி.

முதலில் நினைத்தது, கணக்கை முடக்கிவிட்டார்கள் என்று. அது இல்லை. பேங்க் விவரம் சரிபார்க்காததால் பணம் நிற்பது வேறு, இது வேறு. அங்கே உங்கள் பணம் பத்திரமாக இருக்கும், பேப்பர் கொடுத்தால் வந்துவிடும். மைனஸ் என்றால் இனி விற்பதெல்லாம் முதலில் அந்தப் பள்ளத்தை நிரப்பப் போகும், நிரம்பி மேலே வந்த பிறகுதான் நமக்கு. கோவையில் ஆப் டாக்ஸி ஓட்டும் என் சித்தப்பா மகனுக்கும் இதே கதைதான், ஆனால் வேறு மாதிரி: கஸ்டமர் கையில் காசு கொடுத்த டிரிப்புகளுக்கெல்லாம் கமிஷன் பாக்கி ஏறிக்கொண்டே போய், அதோடு கேன்சல் பெனால்டியும் சேர்ந்து, ஒரு அளவைத் தாண்டினதும் டிரிப்பே வராமல் நின்றுவிடும். அவன் கைக்காசைக் கட்டினால்தான் திரும்ப வண்டி ஓடும். எனக்கு ஆர்டர் வந்துகொண்டே இருந்தது, பார்சல் கட்டிக்கொண்டே இருந்தேன், காசுதான் வரவில்லை. எது மேல் என்று அவனோடு இன்னும் வழக்கு தீரவில்லை.

பள்ளம் எப்படி விழுந்தது என்று சொல்கிறேன். ஏப்ரலில் இங்கே ஜன்னலைத் திறந்து வைத்தால் சாக்லேட் சமையலறை மேசையிலேயே கெட்டியாக நிற்கும், அதனால் கீழே என்ன வெயில் அடிக்கிறது என்று மண்டையில் ஏறவே இல்லை. கொக்கோ கொழுப்பு 34 டிகிரி வாக்கில் முழுசாக உருகிவிடும். பார்சல் மலை இறங்கி கோவையில் தகரக் கூரைக்கடியில் ஒரு நாள் கிடந்தாலே போதும். இரண்டு வாரத்தில் அறுபது பெட்டி அனுப்பினேன், இருபத்திரண்டுக்கு ரீஃபண்ட் ஆனது. திரும்பி வந்த ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தேன்: இருபத்தைந்து துண்டும் ஒரே பலகையாக ஒட்டி, திராட்சையும் காகிதக் கிண்ணங்களும் அதற்குள் புதைந்து, மேலே சாம்பல் பூத்த மாதிரி வெள்ளை. கொழுப்பு உருகி மறுபடி இறுகும்போது அப்படி வெளுக்கும், கெட்டுப்போனது இல்லை, ஆனால் சென்னையில் பெட்டியைத் திறக்கிறவருக்கு அது பூஞ்சைதான். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

எனக்குப் புரியாதது கணக்கு. 450 ரூபாய்ப் பெட்டி இருபத்திரண்டு என்றால் 9,900 தானே, அதிலும் என் கைக்கு வந்தது பெட்டிக்கு 271 தானே, அப்புறம் எப்படி ரிட்டர்னுக்கு மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் கழித்தார்கள்? வழக்கமாக என் ஜிஎஸ்டி கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸ் தம்பியிடம் ஸ்டேட்மென்ட்டைக் காட்டினேன். "அக்கா, மொத்தத்தைப் பார்த்தா ஒண்ணும் புரியாது. ஒரே ஒரு ஆர்டர் நம்பரை எடுத்து, அதுக்கு வந்த வரி, போன வரி எல்லாத்தையும் கூட்டுங்க" என்றான்.

அப்படியே செய்தேன். விற்றபோது 450-இல் கமிஷன் 54, நிலையான கட்டணம் 20, ஷிப்பிங் 76, இந்த 150-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 27 ரூபாய், பிறகு தளமே பிடித்து அரசுக்குக் கட்டும் டிசிஎஸ் வரி அரை சதவீதம், அது இரண்டு ரூபாய் சொச்சம். மீதி 271. ரிட்டர்ன் ஆனபோது முழு 450-ஐயும் எடுத்துக்கொண்டார்கள். கமிஷனும் நிலையான கட்டணமும் அவற்றின் ஜிஎஸ்டியோடு 87 ரூபாய் திரும்பி வந்தது, டிசிஎஸ் இரண்டு ரூபாயும் வந்தது. போன ஷிப்பிங் திரும்பவில்லை. அதற்கு மேல் ரிட்டர்ன் ஷிப்பிங் 95, ஜிஎஸ்டியோடு 112. கூட்டிக் கழித்தால் அந்த ஒரு பெட்டிக்கு 473 ரூபாய் கழிவு. அதாவது என்னிடம் கொடுத்த 271 போக, நான் கைக்காசு 202 போடுகிறேன். சாக்லேட்டும் போச்சு, அது தனி.

இருபத்திரண்டுக்கு 10,406. இதில் பாதிக்கு மேல் நான் ஏற்கெனவே வாங்கிச் செலவழித்துவிட்ட பணம். ஏனென்றால் எங்கள் தளம் பார்சல் கிளம்பின ஏழாம் நாள் பணத்தைப் போட்டுவிடும், ஆனால் கஸ்டமர் கைக்குப் போவதற்கே நாலைந்து நாள், அவர் புகார் செய்து ரிட்டர்ன் முடிவாவதற்கு இன்னும் ஒரு வாரம். பணம் முன்னால் வருகிறது, ரிட்டர்ன் பின்னால் வருகிறது. இந்த இடைவெளியில்தான் எல்லாரும் விழுகிறார்கள். வந்த பணத்தை லாபம் என்று எண்ணாமல் ரிட்டர்ன் நாள் முடியும்வரை கடன் மாதிரி வைத்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அப்போது அதில் பால்காரர் பாக்கியைக் கொடுத்திருந்தேன்.

பெனால்டி என் முட்டாள்தனம். உருகுகிறது என்று தெரிந்ததும் பதறிப்போய், கையிலிருந்த பதினான்கு ஆர்டரை நானே கேன்சல் செய்தேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு. விற்பவர் கேன்சல் செய்தால் ஆர்டருக்கு 60 ரூபாய் அபராதம், அதற்கும் ஜிஎஸ்டி, மொத்தம் 991. முதல் புகார் வந்த அன்றே ஸ்டாக் பூஜ்யம் என்று மாற்றியிருந்தால் அந்தப் பதினான்கில் பாதிக்கு மேல் வந்தே இருக்காது. ஆக 11,397 கழிவு, அந்த வாரம் தைலமும் டீத்தூளும் விற்றது 4,180, மீதிதான் அந்த மைனஸ் 7,217.

இப்போது சண்டை போட்ட கதை. முதலில் கஸ்டமர் கேருக்கு ஒரு பெரிய கடிதம் எழுதினேன், மலையில் வெயிலே இல்லை, என் குழந்தைகள் ஸ்கூல் ஃபீஸ் என்றெல்லாம். "உங்கள் இருப்பு எதிர்மறையில் உள்ளது, தானாகச் சரியாகும்" என்று பதில். அது எனக்கே தெரியும். அப்புறம்தான் தம்பி சொன்ன வழியில் ஸ்டேட்மென்ட்டை எக்செல்லில் இறக்கினேன். ஒரே ஆர்டர் விற்ற வாரத்தில் ஒரு வரியாகவும் ரிட்டர்ன் வாரத்தில் இன்னொரு வரியாகவும் இருக்கும், அதனால் நாலு வாரத்து ஷீட்டை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, ஆர்டர் நம்பர் A-யிலும் கடைசித் தொகை K-யிலும் இருந்ததால் பக்கத்தில் இதைப் போட்டேன்:

```
=SUMIF(A:A,A2,K:K)
```

ரிட்டர்ன் ஆன ஒவ்வொன்றுக்கும் மைனஸ் 202 வர வேண்டும், வந்தது. எல்லாவற்றுக்கும் வந்ததுதான் சிக்கலே. ஏனென்றால் அந்த இருபத்திரண்டில் ஏழு பெட்டியை யாரும் கஸ்டமர் வீட்டிலிருந்து எடுக்கவே இல்லை, தின்பண்டம் என்பதால் தூக்கிப் போடுங்கள் என்று சொல்லிப் பணத்தை மட்டும் கொடுத்துவிட்டார்கள். ரிட்டர்ன் பக்கத்தில் அந்த ஏழுக்கும் டிராக்கிங் நம்பர் இருக்கும் இடம் காலியாக இருந்தது. எடுக்காத பார்சலுக்கு எதற்கு ரிட்டர்ன் ஷிப்பிங்? ஏழு பெட்டிக்கு 785 ரூபாய்.

இந்த முறை கடிதம் எழுதவில்லை. புகார் வகையில் தவறாகக் கழித்த கட்டணம் என்பதைத் தேர்ந்தெடுத்து, ஏழு ஆர்டர் நம்பர், கழித்த தேதி, தொகை, டிராக்கிங் காலி என்று காட்டும் ஸ்க்ரீன்ஷாட், அவ்வளவுதான். ரீஃபண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒன்றோடு ஒன்று கலந்தால் அவர்கள் சுலபமானதற்குப் பதில் சொல்லி டிக்கெட்டை மூடிவிடுவார்கள், எனக்கு ஒருமுறை அப்படி நடந்தது, மூடின டிக்கெட்டைத் திறக்கச் சொல்லியே நாலு நாள் போனது. ஒன்பதாம் நாள் ஒப்புக்கொண்டார்கள்.

உருகின பெட்டிகளுக்கு நான் கேட்கவில்லை, அது என் பேக்கிங் தப்பு. பெனால்டியைக் கேட்டுப் பார்த்தேன், முடியாது என்றார்கள். பார்சல் வண்டி வராமல் தாமதமாகி விழுந்த பெனால்டி என்றால் வண்டி வராத நாளின் பதிவைக் காட்டிக் கேட்கலாம், கண்ணெதிரே நானே கேன்சல் பட்டனை அழுத்தினதற்கு என்ன ஆதாரம் காட்டுவது?

இன்னொன்றும் தெரியவந்தது. ரிட்டர்ன், ரிட்டர்ன் ஷிப்பிங் இதெல்லாம் இவ்வளவு விழுந்ததற்கே காரணம், ஒரு வருஷத்துக்கு முன் அந்தப் பெட்டியை நான் பரிசுப் பொருள் பிரிவில் போட்டிருந்தது. கமிஷன் குறைவு என்று போட்டேன். அந்தப் பிரிவில் எதுவானாலும் திருப்பி அனுப்பலாம். உணவுப் பிரிவில் ரிட்டர்ன் கிடையாது, கெட்டுப்போனால் போட்டோ பார்த்து ரீஃபண்ட் மட்டும்தான். இப்போது உணவுப் பிரிவுக்கு மாற்றிவிட்டேன், கமிஷன் கொஞ்சம் கூடத்தான்.

ஜிஎஸ்டி கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், திரும்பி வந்த விற்பனைக்கு கிரெடிட் நோட் போட்டு அந்த மாத ஜிஎஸ்டி ரிட்டர்னில் கழிக்காவிட்டால் நடக்காத விற்பனைக்கு நீங்கள் வரி கட்டுவீர்கள். ஒரே வார்த்தை இரண்டு ரிட்டர்னுக்கும், இதில் நான் குழம்பின குழப்பம் தம்பிக்குத்தான் தெரியும்.

மைனஸ் கண்ட வாரத்துக்கு அடுத்த வாரம் 3,900 விற்றது, மைனஸ் 3,317 ஆனது. அதற்கடுத்த வாரம் 3,650. செவ்வாய்க்கிழமை 333 ரூபாய் பேங்கில் விழுந்தது, என் வீட்டுக்காரர் போனில் மெசேஜைப் பார்த்துவிட்டு, ஒரு சைபர் விட்டுப்போச்சா என்று கேட்டார். 785 அதற்கடுத்த வாரத்தில் தனி வரியாக வந்தது. ரிட்டர்ன் கிளம்பி ஒரு மாதமாகியும் என் கைக்கு வராத இரண்டு பெட்டி இன்னும் பாக்கி, தொலைந்ததாக எழுதி நஷ்ட ஈடு கேட்டிருக்கிறேன், பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள். சாக்லேட்டின் ஸ்டாக் பூஜ்யத்தில் இருக்கிறது, ஜூன் மழை பிடித்த பிறகுதான் மாற்றுவேன்.