பிரஷ் கட்டருக்கு 40:1 கலவை: ஒரு சீசன் ஓட்டியபின் சைலன்சரைக் கழற்றிப் பார்த்தேன்

தென்னந்தோப்பில் கோரையும் பார்த்தீனியமும் வெட்டும் 52 சிசி மெஷினின் சைலன்சரை நேற்று கழற்றினேன். எக்ஸாஸ்ட் போர்ட்டில் மெல்லிய பழுப்புப் பூச்சு மட்டும்தான். துளை வழியாகத் தெரிந்த பிஸ்டனில் மேலும் கீழுமாக ஓடும் கீறல் ஒன்றுகூட இல்லை. போன சீசனில் இதே இடத்தைக் கரி பாதி அடைத்திருந்தது, தீப்பொறி தடுக்கும் வலை எண்ணெய்ப் பிசினாக இருந்தது, சூடானபின் மெஷின் முழு வேகத்துக்கு ஏறவே ஏறாது. மெஷின் அதேதான், பெட்ரோலும் அதே பங்க்தான். இந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலில் கலக்கும் ஆயிலும், எத்தனை பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் என்ற விகிதமும்தான் மாறின.

கையேட்டில் புது எஞ்சினுக்கு 25:1, ஓடிப் பழகியபின் 40:1 என்று போட்டிருக்கிறது. ஆனால் கடையில் “25:1-ஏ ஓட்டுங்க சார், ஆயில் கூடினா எஞ்சினுக்கு நல்லதுதான்” என்று சொல்லி அனுப்புகிறார்கள். இதை நான் ஏற்கமாட்டேன். கூடுதல் ஆயில் எரியாமல் பிளக்கிலும் போர்ட்டிலும்தான் போய் ஒட்டுகிறது. பிளக் ஈரமாகக் கறுத்திருந்தால் முதலில் கலவையையும் ஏர் ஃபில்டரையும் பாருங்கள்.

செலவுக் கணக்கைப் போட்டபோது எனக்கே ஆச்சரியம். 5 லிட்டர் கேனுக்கு 25:1 என்றால் 200 மில்லி ஆயில், 40:1 என்றால் 125 மில்லி. எங்கள் பக்கம் சாதாரண டூ-டி ஆயில் லிட்டர் 300 ரூபாய்க்குக் கிடைத்தது. புகையும் கரியும் குறைவாக விடும் ஜாசோ எஃப்.டி தரம் போட்ட ஆயில் 420 ரூபாய். மலிவு ஆயிலை 25:1-இல் கலந்தால் கேனுக்கு 60 ரூபாய், நல்ல ஆயிலை 40:1-இல் கலந்தால் 52 ரூபாய் 50 காசு. நல்ல ஆயில்தான் மலிவு! 40 மில்லி பாக்கெட்டை 20 ரூபாய்க்கு வாங்கி 25:1 கலப்பவருக்கு அதே கேனுக்கு 100 ரூபாய் போகிறது. எஃப்.டி டப்பாவில் 50:1 என்றும் போட்டிருக்கும். அப்படிக் கலந்தால் கேனுக்குப் பத்து ரூபாய் மிச்சம். அந்தப் பத்து ரூபாய்க்காக மெஷின் கம்பெனி சொன்னதைவிட ஆயிலைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

பங்க்கில் ஆயில் கலந்தே வாங்கலாமே என்று கேட்பீர்கள். டிவிஎஸ் 50 ஓடிய காலத்தில் எல்லா பங்க்கிலும் ஆயில் பம்ப் இருந்தது. இப்போது எக்ஸ்எல்லே நான்கு ஸ்ட்ரோக் ஆகிவிட்டது, அந்த பம்பையும் பல இடங்களில் எடுத்துவிட்டார்கள். இருக்கிற இடத்திலும் விகிதம் மொபெட்டுக்கு ஏற்றதாக இருக்கும், உள்ளே என்ன தர ஆயில் என்றும் தெரியாது. கினெடிக் ஹோண்டா போல ஆயிலுக்குத் தனி டேங்க்கும் பம்பும் வைத்த வண்டியில் த்ராட்டிலுக்கு ஏற்ப ஆயில் கூடிக் குறையும், சும்மா நிற்கும்போது ஆயில் மிச்சமாகும். பிரஷ் கட்டரோ வெட்டும் நேரமெல்லாம் முழு த்ராட்டில். அதற்குக் கையால் கலந்த ஒரே விகிதம் போதும்.

அளப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மெஷினோடு வரும் கலவை பாட்டிலில் கோடுகள் தடித்திருக்கும், கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலும் அளவு மாறிவிடும். மெடிக்கலில் 50 மில்லி சிரிஞ்ச் வாங்கி ஆயிலுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். 125 மில்லிக்கு இரண்டு முழு சிரிஞ்ச், ஒரு பாதி. அதைப் பெட்ரோலில் கழுவாதீர்கள், உள்ளிருக்கும் ரப்பர் ஊதி இறுகிவிடும். துணியால் துடைத்தாலே போதும். கேனில் முதலில் பாதி பெட்ரோல், பிறகு ஆயில், மூடிக் குலுக்கல், அப்புறம் மீதிப் பெட்ரோல், மறுபடி குலுக்கல். மெஷின் டேங்க்கிலேயே நேராக ஆயில் ஊற்றினால் அது அடியில் இறங்கி நிற்கும். ஃபில்டரும் அடியில்தான் கிடக்கிறது, முதலில் வெறும் ஆயிலைத்தான் இழுக்கும்.

இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை இருக்கிறது, அது காற்றின் ஈரத்தை இழுக்கும். அதனால் ஒரு மாதத்துக்கு ஓடும் அளவுக்கு மேல் கலப்பதில்லை. மழைக்காலத்தில் 2 லிட்டர்தான், அதற்கு 50 மில்லி, சரியாக ஒரு சிரிஞ்ச். வேலை முடிந்ததும் டேங்க்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓட்டிவிடுவேன்.

வீட்டில் சும்மா நிற்கும் பழைய டூ ஸ்ட்ரோக் சேத்தக்கை அடுத்து எழுப்ப வேண்டும். அதற்கு லிட்டருக்கு 20 மில்லி, இதே எஃப்.டி ஆயில்தான். டேங்க்கைக் கழுவிவிட்டேன், கார்ப்பரேட்டர் இன்னும் பிரிக்கவில்லை. இங்கே பிரஷ் கட்டரின் சைலன்சர் கேஸ்கெட்டும் புதிது வர வேண்டும், அது வந்தால்தான் மூட முடியும்.