பொருளைத் திட்டலாம், ஆளைத் திட்டக்கூடாது: ஆம்பூர் செருப்பு பிராண்டுக்குக் கமென்ட் விதி எழுதிய அனுபவம்

ஆம்பூரில் தோல் செருப்பு விற்கும் ஒரு பிராண்டின் ஃபேஸ்புக் பக்கத்துக்கும் வாடிக்கையாளர் குழுவுக்கும் விதிகள் எழுதிக் கொடுத்தோம். கடைக்காரர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "குறை சொல்ற கமென்ட்டை மறைச்சுடலாமா?" என்பதுதான். மறைத்தாலும் எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் அது தெரிந்துகொண்டேதான் இருக்கும். வேறு ஒருவர் போனில் அது இல்லை என்று பார்த்துவிட்டால், அதே புகார் ஸ்கிரீன்ஷாட்டாக ஊர் வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விடும். அங்கே பதில் சொல்ல நமக்கு வழியே கிடையாது.

அதனால் முதல் விதியைப் பேச்சு வழக்கிலேயே எழுதினோம்: "செருப்பை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. ஆளை, சாதியை, மதத்தை, வீட்டுப் பெண்களைத் திட்டினா கமென்ட்டை எடுத்துடுவோம்." குழுவில் பத்து விதிகள் வரை போட இடமுண்டு. ஐந்தோடு நிறுத்திக்கொண்டோம். அதற்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை.

மழைக்காலத்தில் இப்படி ஒரு கமென்ட் வரும்: "ரெண்டு மாசத்துல சோல் பிரிஞ்சிடுச்சு, ஏமாத்துறீங்க." கீழே இன்னொரு கமென்ட்டில் அவரே தன் போன் நம்பரையும் ஆர்டர் நம்பரையும் போடுவார். அடுத்து ஒருவர் வந்து கடைக்காரரின் மதத்தை இழுப்பார். இதில் முதலில் மறைக்க வேண்டியது போன் நம்பர் உள்ள கமென்ட்டைத்தான். பிராண்டு பெயரில் போலிக் கணக்கு வைத்திருப்பவர்கள் இப்படிப்பட்ட நம்பர்களைத் தேடி எடுத்து, "பணத்தைத் திருப்பித் தருகிறோம்" என்று க்யூஆர் கோடு அனுப்புவார்கள். பணம் வாங்க யூபிஐ பின் போடவே தேவையில்லை. இந்த ஒரு வரியையும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் பக்கத்தின் மேலேயே பின் செய்து வைத்தோம்.

அடுத்து மதத்தை இழுத்த கமென்ட்டை எந்த விதிப்படி நீக்குகிறோம் என்று எழுதியவருக்கு இன்பாக்ஸில் சொல்லிவிட்டு, அதை நீக்க வேண்டும். சோல் புகாரை மட்டும் தொடவே கூடாது. அதன் கீழே, "பில்லோட போட்டோவும் சோல் போட்டோவும் இன்பாக்ஸ்ல அனுப்புங்க, நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்றோம்" என்று எல்லோர் கண்ணிலும் படும்படி எழுத வேண்டும். சொன்ன நேரத்துக்குப் பதில் போகவில்லையென்றால் அடுத்த கமென்ட் இன்னும் சூடாக வரும்.

அதிக நேரம் பிடித்தது, எந்தெந்தச் சொல் வந்தால் கமென்ட் தானாக மறைய வேண்டும் என்ற தடைச் சொல் பட்டியல்தான். ஒரே வசவைத் தமிழ் எழுத்தில் ஒரு விதமாகவும், ஆங்கில எழுத்தில் நாலு விதமாகவும், நடுவில் புள்ளி வைத்தும் எழுதுவார்கள். ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகச் சேர்த்தோம். "மோசடி", "ஏமாத்து", "டூப்ளிகேட்" ஆகியவற்றைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டார்கள், மறுத்துவிட்டோம். நியாயமான புகார்களில்தான் அந்தச் சொற்கள் அதிகம் வரும். சாதிப் பெயர்களையும் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது, சில பெயர்கள் ஆள் பெயரிலும் தெருப் பெயரிலும் ஒட்டியிருக்கும். வடிகட்டி தானாக மறைத்தவற்றைத் தினமும் ஒருவர் திறந்து பார்த்து, தவறாக மாட்டியதை அன்றே வெளியே விட வேண்டும் என்பதையும் வேலைப் பட்டியலில் சேர்த்துக் கொடுத்தோம்.