கொத்தனாருக்கு 60 வருவதற்கு முன்: நாள் கணக்கும் பென்ஷன் கணக்கும்

கட்டுமானத் தொழிலாளர்களுக்கு நலவாரியப் பதிவு, புதுப்பித்தல், பென்ஷன் மனு எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. எங்கள் மேஜைக்கு முன்னால் வந்து உட்காருகிறவர்கள் பெரும்பாலும் 58, 59 வயதில்தான் வருகிறார்கள். அந்த வயதில் மனுவைச் சரியாக எழுதிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். 38 வயதில் வருகிறவருக்குச் செய்ய நிறைய இருக்கிறது. அதனால் அப்படி ஒரு குடும்பத்தின் கணக்கையே இங்கே எடுத்துக்கொள்கிறோம். கணவருக்கு 38, கொத்தனார், நாள் சம்பளம் 950. மனைவிக்கு 36, சித்தாள், நாள் சம்பளம் 600. சொந்த மனை கிடையாது, பி.எஃப். கிடையாது.

பென்ஷனைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு நோட்டு வாங்கச் சொல்வோம். அதில் தினமும் ஒரே வரி எழுதினால் போதும்: இன்று வேலைக்குப் போனேனா, போகவில்லை என்றால் ஏன். மழை, ஆடி மாதம், மணல் வரவில்லை, இடுப்பு வலி, முழங்கால் வீக்கம் என்று காரணத்தை மட்டும் போட்டால் சரி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வேலை இல்லாமல் போன நாள் எத்தனை, வேலை இருந்தும் உடம்பு ஒத்துழைக்காமல் போன நாள் எத்தனை என்று பிரிந்து தெரியும். இரண்டாவது எண்தான் முக்கியம். மாதம் 22 நாள் போனவர் 50 வயதில் 16 நாள்தான் போக முடிகிறது என்றால், இன்றைய சம்பளத்திலேயே மாதம் 5,700 ரூபாய் குறைகிறது. அவருக்கு எந்த முதுமைப் பென்ஷனும் 60க்கு முன்னால் கைக்கு வராது. 50க்கும் 60க்கும் நடுவில் இருக்கிற இந்தப் பத்து வருடத்தைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்தது ஆதார் அட்டை. முதலில் பார்க்க வேண்டியது பிறந்த தேதி. பள்ளிச் சான்றிதழ் இல்லாத பலருக்கு ஆதாரில் உத்தேசமாக ஒரு வருடம் போட்டிருப்பார்கள். வாரிய அட்டையில் ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி, வாக்காளர் அட்டையில் வேறொன்று என்று மூன்றும் மூன்று விதமாக இருக்கும். பதிவு செய்யும் நாளில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 60 வயதில் மனு போடும்போது அங்கேதான் மாட்டிக்கொள்ளும். ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் மாற்ற முடியும். எனவே கையில் வலுவான சான்று வந்த பிறகு, ஒரே தடவையில் சரியாக மாற்ற வேண்டும். அதற்குப் பிறகு மற்ற அட்டைகளை ஆதாருக்கு ஏற்பத் திருத்துவதுதான் வரிசை. தலைகீழாகச் செய்தவர்கள் இரண்டு முறை அலைந்திருக்கிறார்கள்.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் 18 வயது முதல் 60 வயது வரை பதிவு செய்யலாம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். கணவர் மட்டும் பதிந்துகொண்டு மனைவியை விட்டுவிடுவது சகஜமாக நடக்கிற தவறு. கல்லும் கலவையும் சுமக்கிறவர் அவர்தான், தனி அட்டைக்கு அவருக்கும் முழுத் தகுதி இருக்கிறது. வாரியப் பென்ஷன் மாதம் ஆயிரத்துச் சொச்சம்தான் என்றாலும் இரண்டு பேர் பெயரிலும் பதிவு இருப்பது வேறு பலம்.

இனி மாதத் தவணை கட்டுகிற பென்ஷன். இரண்டு திட்டங்கள் இவர்களுக்குப் பொருந்தும். இரண்டுக்கும் சேரும் வயது 40 வரைதான், அதனால்தான் 38 என்பது கடைசி நேரம். அடல் பென்ஷன் திட்டத்தில் வருமான வரம்பு கிடையாது, வருமான வரி கட்டுகிறவர் மட்டும் சேர முடியாது. பிரதம மந்திரி ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்தில் மாத வருமானம் 15,000க்குள் இருக்க வேண்டும். அதில் நாம் கட்டுகிற அதே தொகையை மத்திய அரசும் போடும். கொத்தனாருக்கு 22 நாளைக்கு 20,900 வருவதால் அவர் இரண்டாவதில் சேர முடியாது. மனைவிக்கு 18 நாளைக்கு 10,800, அவர் சேரலாம்.

வித்தியாசத்தைப் பாருங்கள். 60 வயதில் மாதம் 3,000 ரூபாய் வேண்டும் என்றால், 38 வயதுக்காரர் அடல் திட்டத்தில் மாதம் 720 கட்ட வேண்டும். 36 வயது மனைவி மான்தனில் மாதம் 160 கட்டினால் போதும். இதைக் கேட்டதும் வருமானத்தைக் குறைத்துச் சொல்லிக் கணவரும் மான்தனிலேயே சேரலாமே என்று தோன்றும். அது பொய் உறுதிமொழி, அந்த வேலைக்கு நாங்கள் போகமாட்டோம். அது தவிர, மலிவுக்கு ஒரு காரணம் இருக்கிறது. மான்தனில் சேர்ந்தவர் இறந்தால் துணைக்குப் பாதிப் பென்ஷன்தான், இருவருக்கும் பிறகு பிள்ளைகளுக்கு ஒன்றும் வராது. அடலில் துணைக்கு அதே 3,000 தொடரும், அவருக்கும் பிறகு நியமனதாரருக்கு 5,10,000 ரூபாய் போகும். மான்தன் சேர்க்கை பொதுச் சேவை மையத்தில் நடக்கும், போவதற்கு முன் அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள். அடல் திட்டத்துக்கு வங்கி, அஞ்சலகம் இரண்டிலும் சேரலாம்.

சேருவது பத்து நிமிட வேலை. கெட்டுப்போவது அதற்குப் பிறகுதான். தவணை தானாகவே கணக்கிலிருந்து எடுக்கப்படும். கொத்தனாருக்கு மாதச் சம்பளம் கிடையாது. சனிக்கிழமை கையில் கிடைத்த பணம் வங்கிக்குப் போவதே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை நின்றால் கணக்கு காலியாகிவிடும். அடலில் தாமதமான ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் மாதம் 1 ரூபாய் அபராதம், அதாவது 720க்கு 8 ரூபாய். அபராதம் பெரிதல்ல. நாலு மாதம் சேர்ந்துபோனால் மொத்தமாக 3,000 ரூபாய்க்குக் கிட்ட ஒரே நாளில் எடுப்பார்கள், அப்போது கோபப்பட்டு நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. எனவே வைகாசி, ஆனி போல வேலை ஓடும் மாதங்களில் நாலு மாதத் தவணையை முன்கூட்டியே கணக்கில் போட்டு வைக்கச் சொல்வோம். அந்தக் கணக்கின் ஏ.டி.எம். அட்டை வீட்டில் இருந்தால் போதும், பையில் வேண்டாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறினால், 22 வருடம் கழித்து வரும் 3,000 இன்றைய ஆயிரம் ரூபாய்க்குத்தான் சமம். அரிசி, மளிகைக்கு உதவும், குடும்பம் நடத்த உதவாது. ஆகவே 50 வயதிலும் சம்பாதிக்கிற வேலைக்கு மாறுவதுதான் திட்டத்தின் பெரிய பாதி.

கொத்தனாருக்குக் கிடைக்கிற இயல்பான அடுத்த படி, சின்ன வேலைகளை லேபருக்கு எடுத்துச் செய்யும் மேஸ்திரி. கரணையும் தூக்குக்குண்டும் கையில் இருக்கும்போதே, 42, 43 வயதில் இதற்குப் போக வேண்டும். முழங்கால் போன பிறகு போனால் ஆட்களுக்கு முன்னால் நின்று செய்து காட்ட முடியாது. மேஸ்திரி ஆனவர்கள் நொடித்துப்போவது இரண்டு இடங்களில்.

முதலாவது அளவு. பூச்சு வேலையைச் சதுர அடி ரேட்டுக்குப் பேசுகிறோம். 12 மில்லிமீட்டர் கனத்தில் 1:5 கலவைக்கு, சேதாரம் சேர்த்து, 100 சதுர அடிக்கு ஒரு மூட்டைக்குச் சற்றுக் குறைவாகச் சிமெண்டும் 5 கன அடிக்குக் கொஞ்சம் மேல் மணலும் போகும். இது ஒழுங்கான சுவருக்கான கணக்கு. 9 அங்குலச் சுவரில் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் கல் முன்னும் பின்னுமாகவும் நிற்கும், அந்தப் பக்கம் 20 மில்லிமீட்டர் வரை ஏற்ற வேண்டியிருக்கும். கலவை மூன்றில் இரண்டு பங்கு வரை கூடுதலாகப் போகும், ஆள் நேரமும் ஏறும், ரேட்டு மட்டும் அதேதான். பேச்சு முடிக்கும் முன்னால் சுவரில் மட்டப்பலகையை வைத்து, இடைவெளியில் விரல் நுழைகிறதா என்று பார்த்துவிட்டு ரேட்டைச் சொல்ல வேண்டும். ஜன்னலின் உள்பக்க விளிம்புகள் தனி அளவா, கதவு திறப்பைக் கழிப்பார்களா என்பதையும் அன்றே எழுதி வாங்க வேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது.

இரண்டாவது சனிக்கிழமை. வீட்டுக்காரர் பேஸ்மட்டம், லிண்டல், தளம் என்று கட்டம் கட்டமாகப் பணம் தருவார். ஆட்களுக்கு வாரா வாரம் கொடுக்க வேண்டும். இரண்டு கொத்தனார், இரண்டு சித்தாள் என்றால் ஒரு நாள் 3,100, ஆறு நாளுக்கு 18,600. இரண்டு வாரம் தாமதமானால் 37,200 கையிலிருந்து போக வேண்டும். அந்தப் பணம் இல்லாமல்தான் வட்டிக்கு வாங்குகிறார்கள், லாபம் முழுக்க வட்டிக்காரருக்குப் போகிறது.

அதனால் சேமிப்புக்கு நாங்கள் வைக்கும் முதல் இலக்கே இந்த 37,200தான். வேலைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் 50 ரூபாய், 22 நாளுக்கு 1,100. அஞ்சலகத் தொடர் வைப்பில் போட்டால் 34 மாதத்தில் கட்டிய தொகையே அந்த இலக்கைத் தாண்டிவிடும். ஐந்து வருடக் கணக்குத்தான் அது, ஆனால் மூன்று வருடம் ஆனதும் மூடலாம், வட்டி மட்டும் சேமிப்புக் கணக்கு அளவுக்குக் குறையும். 720, 160, 1,100 மூன்றும் சேர்ந்து மாதம் 1,980. இருவர் வருமானம் 31,700இல் இது முடியாத தொகை அல்ல, மழை மாதத்தில் மட்டும் இறுக்கும்.

சித்தாளுக்கு மேஸ்திரி ஆகும் வழி இந்தத் தொழிலில் கிட்டத்தட்ட மூடியே கிடக்கிறது, இது எங்களுக்கு ஒரு தீராத ஆதங்கம். சுமையைக் குறைக்க வேண்டுமானால் டைல்ஸ் இடுக்கு நிரப்புதல், பூச்சுக்கு முன் இணைப்பு மூடுதல், பெயிண்டுக்குப் பட்டி தேய்த்தல் போன்றவற்றை 40க்குள் கற்றுக்கொள்வது நல்லது. டைல்ஸ் வேலை எளிது என்று நினைத்து அதில் முழுதாக இறங்குகிறவர்கள் கவனிக்க: நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்காருவது முழங்காலுக்குச் சுமையைவிட மோசம்.

மாறும்வரை வேலையை எப்படிச் செய்கிறோம் என்பதிலும் வருடங்கள் கூடும், குறையும். தரையில் கிடக்கும் கல்லுக்கும் கலவைக்கும் ஒவ்வொரு முறையும் குனிவதுதான் இடுப்பைத் தின்கிறது. இரண்டு அடி உயரத்தில் பலகை போட்டுக் கல்லை அதில் அடுக்கினால் குனிதல் பாதியாகும். சுவர் நெஞ்சளவைத் தாண்டியதும் எட்டி வைக்காமல் சாரத்தை உயர்த்திவிட வேண்டும், கால் மணி நேரம் போகும், போகட்டும். 50 கிலோ சிமெண்ட் மூட்டையை 40க்கு மேல் தனியாகத் தூக்குவது வீரம் இல்லை. இரவில் விரல்கள் மரத்து விழிப்பு வந்தால் நோட்டில் எழுதி, அரசு மருத்துவமனையில் காட்டிவிட வேண்டும்.

வாரிய அட்டை 58 வயதில் காலாவதியாகும்படி அமைந்தால், இன்னும் இரண்டு வருடம்தானே என்று புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பென்ஷன் மனுவோடு வரும்போது அந்த இரண்டு வருட இடைவெளிதான் முதலில் கண்ணில் படுகிறது.